கூரைப் போல்ட்டுக்கும் ஒரு திகதி

2022 ஜூன் நடுப்பகுதியில் அந்த ஆய்வறிக்கை எங்கள் ஐஸ் பக்டரிக்கு வந்தது. மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னார் போகும் வீதியில், பேசாலைக்குக் கிட்ட இருந்தது பக்டரி. கட்டி ஐஸ் போடுவதுதான் முதன்மைத் தொழில். பக்கத்திலேயே மீனும் நண்டும் வைக்கும் குளிரறை ஒன்றும் இருந்தது. நான் அங்கே கணக்கையும் அலுவலகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்புறுதிக் கம்பனி அனுப்பிய பொறியியலாளர் மே மாதத்தில் வந்து ஒரு பகல் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் எழுதியதில் பதினொரு பரிந்துரைகள் இருந்தன.

அறிக்கையைவிட அதனுடன் வந்த கடிதம்தான் முதலாளியைக் கலங்க வைத்தது. அதுவரை புயலாலோ வெள்ளத்தாலோ நட்டம் வந்தால் அதில் பத்து வீதத்தை நாங்கள் சுமக்க வேண்டும், மிச்சத்தைக் கம்பனி தரும். இதைத்தான் எக்செஸ் என்பார்கள். முதல் வகுப்புப் பரிந்துரைகளை அறுபது நாட்களுக்குள் முடித்து ஆதாரத்துடன் பதில் தராவிட்டால் அந்த எக்செஸ் இருபத்தைந்து வீதமாகும் என்று கடிதம் சொன்னது. கூரை பறந்து ஒரு கோடி ரூபா நட்டம் வந்ததென்றால், நாங்கள் பத்து இலட்சம் போடவேண்டிய இடத்தில் இருபத்தைந்து இலட்சம் போடவேண்டும். அந்த வருசம் பக்டரியில் இருபத்தைந்து இலட்சம் ஒரே நேரத்தில் எடுக்க வழியில்லை.

கம்பனி ஏன் இப்படி இறுக்கியது என்பதும் எங்களுக்கு விளங்காமல் இல்லை. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, நாட்டைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. இந்தக் கரையில் சொத்து வைத்திருப்பவர்களின் பத்திரங்களை அதற்குப் பிறகு எல்லோரும் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். அதோடு சேர்ந்துகொண்டது 2022ஆம் ஆண்டின் நெருக்கடி. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் வெட்டினார்கள். ஐஸ் தொட்டியின் உப்புநீர் சூடேறிவிட்டால் அன்றைய கட்டி முழுக்கப் போச்சு. ஆகவே ஜெனரேற்றர் ஓடத்தான் வேண்டும். அதற்கு டீசல் வேண்டும். டீசல் கிடைத்த நாளில் பீப்பாயில் வாங்கி வைத்தோம். பொறியியலாளர் வந்தபோது ஆறு பீப்பாய்கள் ஜெனரேற்றருக்குப் பக்கத்திலேயே சுவரோடு சாய்ந்து நின்றன. அறிக்கையின் முதல் படம் அதுதான்.

பதில் எழுத உட்கார்ந்தபோது பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆய்வுக்கு, எனக்கு முன்னர் இருந்தவர்கள் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். 'தங்கள் பரிந்துரைகள் அனைத்தும் நிறைவேற்றப்பட்டுள்ளன' என்ற ஒரே வசனம், கீழே கையெழுத்து. கொழும்பிலிருந்த எங்கள் காப்புறுதித் தரகரிடம் அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"தம்பி, அந்தக் கடிதம் உங்களைக் காப்பாற்றாது. மாட்டித்தான் விடும்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். கம்பனியில் பத்திரத்தை ஏற்பவர் மன்னாரைப் பார்த்ததில்லை. பெரிய தொகையென்றால் அவருக்குப் பின்னால் வெளிநாட்டில் மறுகாப்புறுதிக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரும் பார்த்ததில்லை. ஒரு வசனத்தை வைத்து அவர்கள் எதையும் சரிபார்க்க முடியாது. ஆகையால் நம்பவும் மாட்டார்கள். ஆனால் நட்டம் வந்த அன்று அதே வசனத்தை எடுத்து மேசையில் வைப்பார்கள். பதினொன்றில் ஒன்று செய்யப்படாமல் இருந்து, தீ அந்த ஒன்றினால் பிடித்திருந்தால், பொய்யான தகவல் தந்து நிபந்தனையைக் காப்பாற்றிக்கொண்டீர்கள் என்று சொல்ல அந்தக் கையெழுத்தே போதும். பதில் என்பது கம்பனியைச் சமாதானப்படுத்தும் கடிதமல்ல. நட்டத்துக்குப் பிறகு எங்களுக்கு எதிராகவோ எங்களுக்காகவோ வாசிக்கப்படப்போகும் வாக்குமூலம் அது.

அதிலிருந்து நான் ஒரு அட்டவணை போட்டேன். முதல் நிரலில் அறிக்கையின் பரிந்துரை இலக்கம். இரண்டாவதில் அவர்களுடைய வசனம், ஒரு சொல்லும் மாறாமல். அதைச் சுருக்கி எழுதும் ஆசை வரும்; சுருக்கினால் நாம் செய்ததற்கு ஏற்றபடி அவர்கள் கேட்டதை வளைத்துவிடுவோம். மூன்றாவதில் செய்த வேலை. நான்காவதில் வேலை முடிந்த திகதி. ஐந்தாவதில் படத்தின் இலக்கமும் இணைப்பும். கடைசி நிரலில் நிலை: முடிந்தது, ஒரு பகுதி முடிந்தது, முடியவில்லை. இந்த மூன்றைத் தவிர வேறு சொல் கிடையாது. 'நடைமுறையில் உள்ளது', 'கவனத்தில் எடுக்கப்பட்டது' என்றெல்லாம் எழுதினால் வாசிப்பவர் அதை 'முடியவில்லை' என்றே எடுத்துக்கொள்வார். அப்படியிருக்க நாமே முடியவில்லை என்று எழுதிவிடலாம்.

டீசலில் தொடங்கினோம், ஏனென்றால் அதற்கு வெளியிலிருந்து எதுவும் வரத் தேவையில்லை. சீமெந்தும் கல்லும் மேசனும் போதும். பீப்பாய்களை ஜெனரேற்றர் அறையிலிருந்து விலக்கி, தனிக் கொட்டிலில், சுற்றுக்கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது பரிந்துரை. பீப்பாய் ஒழுகினால் எண்ணெய் முழுவதையும் பிடித்து வைக்கும் தொட்டி போன்ற கட்டு அது. மன்னார்த் தீவில் இது தீயைப் பற்றிய விடயம் மட்டுமல்ல. மணலுக்குக் கீழே கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர் நிற்கிறது. அயல் வீடுகளின் கிணறுகள் அதில்தான் ஊறுகின்றன. மணலில் கொட்டிய டீசல் நேரே அங்கேதான் போகும்.

கட்டு எவ்வளவு கொள்ள வேண்டும் என்பதற்குப் பொதுவாக ஒரு கணக்கு உண்டு. மிகப் பெரிய கொள்கலத்தின் அளவில் 110 வீதம், அல்லது எல்லாக் கொள்கலங்களின் மொத்தத்தில் கால் பங்கு, இரண்டில் எது கூடுதலோ அது. பீப்பாய்க்கு 210 லீற்றர் என்று வைத்தால் முதற் கணக்கில் 231 லீற்றர் வரும். ஆறு பீப்பாய்க்கும் சேர்த்து 1,260. அதில் கால் பங்கு 315. ஆக 315 லீற்றரைப் பிடிக்க வேண்டும். உள்ளளவு 2.4 மீற்றருக்கு 1.5 மீற்றர் என்று கட்டினால் ஒன்பது சென்ரிமீற்றர் உயரம் போதும் போலத் தெரியும். மேசன் அப்படித்தான் சொன்னார். ஆனால் பீப்பாய்களும் அதற்குள்ளேதானே நிற்கின்றன! அவற்றின் அடி பிடிக்கும் இடத்தைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டு சதுர மீற்றர் அளவுதான். உயரம் பதினாறு சென்ரிமீற்றருக்கு வந்துவிடுகிறது. இருபத்தைந்து சென்ரிமீற்றராகக் கட்டினோம். மேலே கூரையும் போட்டோம். கூரை இல்லாவிட்டால் மாரி மழையில் கட்டு நிரம்பிவிடும். பிறகு எண்ணெய் ஒழுகினால் தண்ணீரின் மேல் மிதந்து வெளியேதான் வழியும்.

இதைப் படமெடுக்கும்போதுதான் படம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். புதிதாகக் கட்டி வெள்ளையடித்த சுவரின் அழகான படம் ஒன்றையும் நிரூபிக்காது. உயரம் எவ்வளவு? ஒழுகாதா? ஆகவே அளவுநாடாவைச் சுவரில் நிறுத்தி, இருபத்தைந்து என்ற எண் தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுத்தோம். பீப்பாய்களை வைப்பதற்கு முன் கட்டுக்குள் தண்ணீர் விட்டு, நீர்மட்டத்தில் சோக்கால் கோடு போட்டு ஒரு படம். மறுநாள் அதே நேரத்தில் அதே கோட்டை இன்னொரு படம். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. பிறகு பீப்பாய்களை உள்ளே வைத்து, அறிக்கையின் முதல் படம் எடுக்கப்பட்ட அதே மூலையில் போய் நின்று, வெறும் சுவரை ஒரு படம் எடுத்தேன். ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் இப்போது எதுவும் இல்லை என்பதையும் காட்ட வேண்டுமல்லவா. புதிய இடத்தில் பொருள் இருப்பதைக் காட்டுவார்கள், பழைய இடம் காலியானதைக் காட்ட மறந்துவிடுவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார்.

மின்சாரப் பரிந்துரை அதைவிட நுணுக்கமானது. பிரதான மின்பெட்டியையும் கொம்பிறசர் மோட்டரின் பெட்டியையும் வெப்பப்படக் கமெராவால் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மன்னாரில் செம்புக்கு உப்புக்காற்று எமன். பெட்டி பூட்டியிருந்தாலும் கேபிள் நுழையும் துளை வழியே காற்று உள்ளே போகும்; முனைகள் பச்சை பிடிக்கும்; பிடிப்புத் தளரும்; தளர்ந்த இடம் சூடேறும். சூடு கண்ணுக்குத் தெரியாது, உறை கருகும்வரை.

எரிபொருள் இல்லாததால் ஜூலை முற்பகுதியில் யாரையும் வெளியூரிலிருந்து கூப்பிட முடியவில்லை. கியூஆர் அட்டை முறை வந்து வண்டிகள் ஓரளவு ஓடத் தொடங்கிய பிறகு, ஜூலை 28 அன்று கமெராவுடன் ஒரு மின்பொறியியலாளர் வந்தார். வந்தவுடனே கரண்ட் போய்விட்டது. "காத்திருப்பம்" என்றார். மின்சாரம் வந்து, கொம்பிறசர் ஓடத் தொடங்கி, ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார். சுமை இல்லாமல் எடுத்த வெப்பப்படம் எல்லா இணைப்பையும் நல்லதாகவே காட்டும். பளபளக்கும் செம்பும் ஏமாற்றும், உள்ள சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் முனைகளுக்குப் பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் நாடா ஒட்டிய இடத்தையே அளந்தார்.

மூன்று கட்டங்களில் இரண்டு ஏறக்குறைய ஒரே நிறம். சிவப்புக் கட்டத்தின் முனை மட்டும் திரையில் வெண்மஞ்சளாக எரிந்தது. மற்ற இரண்டையும்விட 22 பாகை கூடுதல். ஒரே சுமையில் ஒரே மாதிரியான இணைப்புகளுக்கிடையில் 15 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் உடனே திருத்த வேண்டும் என்பது அவர்களுடைய அளவுகோல். கொம்பிறசரை நிறுத்தி, முனையை வெட்டி, ஈயம் பூசிய புதிய லக் போட்டு அழுத்தி, குறித்த விசையில் முடுக்கினார்கள். கேபிள் துளைகளையும் அடைத்தார்கள். பிறகு மறுபடி ஓடவிட்டு, அதே ஒரு மணி நேரம் பொறுத்து, அதே கோணத்தில் இரண்டாவது படம். வித்தியாசம் இரண்டு பாகைக்கு இறங்கியிருந்தது.

அவர் தந்த தாளில் நான் கேட்டு எழுதுவித்த ஒன்று உண்டு: இரண்டு படங்களும் எடுத்த வேளையில் மூன்று கட்டங்களிலும் ஓடிய அம்பியர். முதலாவது முழுச் சுமையிலும் இரண்டாவது அரைச் சுமையிலும் எடுக்கப்பட்டதென்றால் சூடு குறைந்ததற்கு லக் காரணமல்ல, சுமைதான் காரணம். அம்பியர் பக்கத்தில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. பின்னர் கம்பனியிலிருந்து இந்த ஒரு விடயத்தைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூரைதான் எங்களைச் சோதித்தது. தகரங்களைப் பிடித்திருந்த கொக்கிப் போல்ட்டுகள் துருப்பிடித்து மெலிந்திருந்தன. கூரையைக் காற்று மேலிருந்து அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சி இழுக்கிறது. அந்த இழுவை விளிம்பிலும் மூலையிலும் முகட்டிலும் மிகக் கூடுதல். அங்கே ஒரு தகரம் கிளம்பினால் காற்று உள்ளே புகும். மற்றவை வரிசையாகக் கழரும். ஆகவே விளிம்புகளில் தகரத்தின் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு போல்ட், நடுப்பகுதியில் ஒன்றுவிட்டு ஒரு மேட்டில்; எல்லாம் உருக்கிய நாகத்தில் தோய்த்தவை; அகன்ற வாசருடன். இப்படித்தான் பரிந்துரை கேட்டது.

ஆனால் மாதமோ ஜூலை. சோளகம் உச்சத்தில் அடிக்கிறது. தீவின் தெற்குக் கரையோரம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் எந்தக் காற்றை நம்பி நிற்கின்றனவோ, அதே காற்று. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்து வடகடல் தணிந்திருக்கும், தொழில் நடக்கும், ஐஸுக்கும் கிராக்கி. மெசின் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணை கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் காத்துக்குள்ள தகரத்தைக் கழட்டினா, தகரமும் போகும் ஆளும் போகும். புரட்டாசி பிறக்கட்டும்."

முதலாளிக்குப் பதற்றம். "அறுபது நாளுக்குள்ள முடிச்சதெண்டு எழுதும். புரட்டாசியில செய்துபோடுவம். ஆர் வந்து பாக்கப்போறான்?"

"ஐயா, இடையில தகரம் பறந்தா அந்தக் கடிதம்தான் முதல்ல வரும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சரி, உள்ளதை எழுதும் என்றார்.

உள்ளதை எழுதுவதென்றால் வெறுமனே 'முடியவில்லை' என்று விட்டுவிடுவதல்ல. ஏன் முடியவில்லை, எப்போது முடியும், அதுவரை என்ன செய்திருக்கிறோம் என்ற மூன்றும் வேண்டும். காற்று சற்று அடங்கும் விடியற்காலைகளில் ஏணி வைத்து, கூரையில் ஏறாமல், விளிம்பு நெடுக இரும்புப் பட்டியைத் தகரத்தின் மேல் வைத்துக் கீழேயுள்ள சட்டத்தோடு இறுக்கினார்கள். ஆகஸ்ட் 6 அன்று அது முடிந்தது. போல்ட்டுகளை வாங்கி வைத்தோம். பற்றுச்சீட்டையும் களஞ்சியத்தில் அவை இருக்கும் படத்தையும் இணைத்தோம். நிலை: ஒரு பகுதி முடிந்தது. முழுமையாக முடியும் திகதி: அக்டோபர் 15. சோளகம் விழுந்து, வாடையும் புயல் காலமும் தொடங்குவதற்கு முந்திய இடைவெளி அது. நவம்பர், டிசம்பர்தான் இந்தக் கரைக்குப் பயமான மாதங்கள் என்பது கம்பனிக்கும் தெரியும். அதற்கு முன்னரான ஒரு திகதியைக் கொடுத்தது எங்களுக்குப் பலம்.

அந்த இரும்புப் பட்டிகளைத் தாங்கும் துண்டுகளைச் சட்டத்தில் வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. இங்கேதான் இன்னொரு பரிந்துரை வந்து குறுக்கிட்டது. எங்கள் குளிரறையின் சுவர், இரண்டு தகட்டுக்கு நடுவே றெஜிபோம் வைத்த பலகைகளால் ஆனது. வெல்டிங் பொறி ஒன்று தகட்டின் இணைப்புக்குள் விழுந்தால் உள்ளே றெஜிபோம் உருகி எரியும். வெளியே ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது அறை முழுக்கப் பிடித்திருக்கும். 1993இல் இங்கிலாந்தின் ஹியர்போர்ட் நகரில் கோழி பதனிடும் ஆலை ஒன்றில் இத்தகைய பலகைகள் தீப்பிடித்தபோது உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் இருவர் திரும்பவில்லை. அன்றிலிருந்து காப்புறுதிக்காரர்கள் இந்தப் பலகை என்றாலே நிமிர்ந்து உட்காருவார்கள். வெல்டிங் செய்வதற்கு முன் அனுமதிச் சீட்டு எழுத வேண்டும், வேலை நடக்கும்போது தீயணைப்புக் கருவியோடு ஒருவர் நிற்க வேண்டும், முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அவர் அங்கேயே காவல் இருக்க வேண்டும் என்பது அந்தப் பரிந்துரை.

இதற்கு ஆதாரம் எது? புதிதாக அச்சடித்த அனுமதிப் புத்தகத்தின் அட்டையைப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். புத்தகம் வாங்கியதை மட்டும்தான் அது காட்டும். ஒரு தடவை செய்து முடிக்கும் வேலைக்குப் படம் போதும். தொடர்ந்து செய்யவேண்டிய பழக்கத்துக்கு எழுதி நிரப்பிய பக்கங்கள்தான் சாட்சி. வெல்டிங் நடந்த ஒவ்வொரு விடியலுக்கும் ஒரு பக்கம்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காவல் நின்றவர், அவர் இடத்தை விட்டுப் போன நேரம், கையெழுத்து. அந்தப் பக்கங்களை ஸ்கான் செய்து வைத்தேன்.

வைத்த பிறகு திகதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். இந்த ஒப்பீட்டைத்தான் நான் அந்தப் பதிலில் மிக முக்கியமான வேலையாக நினைக்கிறேன். கூரைப்பட்டி முடிந்தது ஆகஸ்ட் 6 என்று அட்டவணை சொல்கிறது. வெல்டிங் அனுமதியின் கடைசிப் பக்கம் ஆகஸ்ட் 5. சரி. வெல்டிங்காரரின் பற்றுச்சீட்டோ ஆகஸ்ட் 11. அவர் பணம் வாங்க வந்த நாளில் எழுதியது. வாசிப்பவருக்கு அது தெரியாது. வேலை 11ஆம் திகதிவரை நடந்ததென்றால் கடைசி நாட்களுக்கு அனுமதி எங்கே என்று கேட்பார். ஆகவே பற்றுச்சீட்டுக்குப் பக்கத்தில், வேலை நடந்த நாட்கள் இன்னவை, சீட்டு எழுதிய நாள் இது என்று ஒரு வரி சேர்த்தேன். வேலை முடிந்த நாள், படமெடுத்த நாள், பணம் கொடுத்த நாள் மூன்றும் வெவ்வேறாக இருப்பது இயல்பு. எந்த நாள் எது என்று சொல்லாமல் விட்டால்தான் சந்தேகம் வரும்.

படங்களின் திகதிக்கும் ஒரு தொல்லை இருந்தது. வேலையாட்கள் வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அப்படி வரும்போது படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த நேரம் போய்விடும். வந்து சேர்ந்த நாள்தான் மிஞ்சும். அதனால் அவர்களுடைய போனையே வாங்கி, கேபிளால் மூலப்படத்தை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கோப்புக்கும் பரிந்துரை இலக்கம், முன்னா பின்னா, எடுத்த நாள் வரும்படி `R04_after_2022-08-06.jpg` என்ற மாதிரியில் பெயர் வைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு படம்: இடம் எதுவென்று அடையாளம் தெரியத் தூரத்திலிருந்து ஒன்று, வேலை தெரியக் கிட்டத்திலிருந்து ஒன்று. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது எந்தக் கூரையின் போல்ட்டாகவும் இருக்கலாம்.

கடைசியில் மிஞ்சியது அமோனியா. எங்கள் மெசின் அமோனியாவில் ஓடுவது. கசிவைக் கண்டுபிடித்து மணி அடிக்கும் கருவி பொருத்தச் சொல்லியிருந்தார்கள், காற்றில் பத்து இலட்சத்துக்கு 25 பங்கு சேர்ந்ததும் அடிக்கும்படி. மூக்குக்கு அதற்கு முன்னரே தெரிந்துவிடும். ஆனால் இரவில் மெசின் அறையில் ஆள் இல்லாத நேரத்துக்கு மூக்கு கிடையாது. 300 பங்குக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. 2024 ஜூலையில் தூத்துக்குடிக்கு அருகே ஒரு மீன் பதனிடும் ஆலையில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட செய்தியை வாசித்தபோது இந்தப் பரிந்துரைதான் என் நினைவுக்கு வந்தது.

கருவி நாட்டில் இல்லை. இறக்குமதி செய்ய டொலர் இல்லை. வங்கி கடன்கடிதம் திறக்க மறுத்தது. 'முடியவில்லை' என்று எழுதினேன். கொள்வனவுக் கட்டளையையும் வழங்குநர் தாமதத்தைச் சொல்லி அனுப்பிய கடிதத்தையும் இணைத்தேன். அதுவரை என்ன செய்வது? அண்ணை கந்தகக் குச்சி கொளுத்திப் பார்ப்பதில் தேர்ந்தவர். கந்தகப் புகை அமோனியாவைத் தொட்டதும் வெள்ளைப் புகை கிளம்பும். இணைப்பில் மயிரளவு கசிவு இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நெருப்பு வைத்துப் பார்ப்பதை ஒரு காப்புறுதிப் பதிலில் எழுத முடியாது, செய்யவும் கூடாது. அதற்குப் பதிலாக நனைத்த சிவப்பு லிற்மஸ் தாளை ஒவ்வொரு இணைப்புக்கும் கிட்டப் பிடித்துப் பார்ப்பதென்று முடிவெடுத்தோம். கசிவு இருந்தால் தாள் நீலமாகும். இரவுக்கும் ஆள் போட்டு, மணிக்கு ஒருமுறை பார்த்து ஒப்பமிட ஒரு பதிவேடு வைத்தோம். "மணிக்கொருக்கா சைன் வைக்கிறதோ?" என்று அண்ணை முதல் வாரம் முறுமுறுத்தார். இரண்டாம் வாரம் ஒரு வால்வின் கழுத்தில் தாள் நீலமானது. அன்றே இறுக்கினார். பதிவேட்டில் நேரத்தோடு அதை எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தையும் மறைக்காமல் அனுப்பினோம். குறையே காணாத பதிவேட்டைவிட, ஒரு குறையைக் கண்டு அன்றே திருத்திய பதிவேடு நம்பத்தக்கது.

ஆகஸ்ட் 11 அன்று பதிலை அனுப்பினேன், தவணைக்கு முதல் நாள். பதினொன்றில் ஒன்பது முடிந்தன, ஒன்று ஒரு பகுதி, ஒன்று முடியவில்லை. இரண்டு கிழமை கழித்துப் பத்திரத்தை ஏற்பவர் நேரே தொலைபேசி எடுத்தார். ஒன்பதைப் பற்றியும் அவரிடம் கேள்வி இல்லை. முடியாத இரண்டைப் பற்றித்தான் கேட்டார்: அக்டோபர் 15 என்பது நடக்கக்கூடிய திகதிதானா, கருவி வராவிட்டால் பதிவேடு எத்தனை மாதம் தொடரும்? சோளகம் எப்போது விழும் என்று நான் விளக்கினேன். கருவி வரும்வரை பதிவேடு நிற்காது, மாதம் ஒருமுறை பிரதி அனுப்புவோம் என்றேன். அதை எழுத்தில் தரச் சொன்னார்.

செப்டம்பரில் வந்த என்டோஸ்மென்டில் புயலுக்கும் வெள்ளத்துக்கும் எக்செஸ் பத்து வீதமாகவே இருந்தது. இரண்டு நிபந்தனைகள் கூடியிருந்தன. கூரை அக்டோபர் 31க்குள் முடிந்து படம் வர வேண்டும். முடியாவிட்டால் நவம்பர் முதலாம் திகதியிலிருந்து இருபத்தைந்து வீதம். அமோனியாப் பதிவேட்டின் பிரதி மாதந்தோறும் போக வேண்டும், கருவி பொருத்தும்வரை. இரண்டும் நாங்களே சொன்னவை. கூரைக்கு அவர்கள் தந்தது, நாங்கள் கேட்டதைவிடப் பதினாறு நாள் கூடுதல்.

கூரை அக்டோபர் 12 அன்று முடிந்தது. ஒவ்வொரு மூலைக்கும் தூரத்துப் படமும் கிட்டத்துப் படமும் எடுத்து, கழற்றிய பழைய போல்ட்டுகளில் நாலைந்தை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி அதையும் ஒரு படம் எடுத்தோம். ஒன்றின் கழுத்து பென்சில் முனையளவுக்குத் தேய்ந்திருந்தது. அமோனியாக் கருவி அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் வந்தது. பொருத்திச் சோதித்த சான்றிதழோடு மூன்றாவது இணைப்பை அனுப்பினேன். அட்டவணை அதே அட்டவணை. பரிந்துரை இலக்கங்களும் அவையே. கடைசி நிரலில் மட்டும் இரண்டு சொற்கள் மாறியிருந்தன. லிற்மஸ் பதிவேட்டை நிறுத்தலாமா என்று அண்ணையிடம் கேட்டேன். கருவி இரவுக்குப் பார்க்கட்டும், பகலில் தாள் பிடிப்பதை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.